ஹீமோகுளோபின் இறங்கும்வரை காத்திருக்கலாமா? மலையில் வாழும் சுத்த சைவர்களுக்குப் பி12 பற்றிய ஓர் ஒப்பீடு

நீலகிரியில் தேயிலை நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் வங்கிகளிலும் பணிபுரிவோரில் பலர் ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் கண் முதலில் போவது ஹீமோகுளோபின் வரிக்குத்தான். அந்த எண் தடித்த எழுத்தில் இல்லையென்றால் எல்லாம் சரி என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடாமல், பாலையும் பெரிதும் குறைத்துக்கொண்டு வாழ்பவருக்கு இந்தப் பழக்கம் பாதுகாப்பானதன்று. வைட்டமின் பி12 குறையத் தொடங்கும்போது இரத்தம் காட்டும் முதல் அடையாளங்கள் ஹீமோகுளோபினில் தெரிவதில்லை. அதற்குக் கீழே, யாரும் படிக்காத இரண்டு மூன்று வரிகளில் தெரிகின்றன.

அப்படி ஓர் அறிக்கை கையில் இருக்கும்போது ஒருவர் முன்னால் சில வழிகள் உள்ளன. சில மாதங்கள் பொறுத்திருந்து மீண்டும் இரத்த எண்ணிக்கை பார்க்கலாம். பாலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். மருந்துக்கடையில் ஏதேனும் சத்து மாத்திரை வாங்கி விழுங்கலாம். பி12 அளவைச் சோதித்துவிட்டு மாத்திரை தொடங்கலாம். அல்லது நேரே ஊசிக்குப் போகலாம். இவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை, இரத்தத்தில் நடப்பது என்ன என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரியாக முடிவெடுக்க முடியும்.

எலும்பு மஜ்ஜையில் ஓர் இரத்த அணு உருவாகும்போது அதன் கரு பிளவுபட்டு இரண்டாக வேண்டும். அதற்கு டிஎன்ஏ புதிதாக எழுதப்பட வேண்டும். பி12 போதாதபோது ஃபோலேட் என்னும் மற்றொரு வைட்டமின் பயன்படாத வடிவத்தில் சிக்கிக்கொள்வதால், டிஎன்ஏ எழுதும் வேலை தாமதப்படுகிறது. அணுவின் உடற்பகுதி மட்டும் வழக்கம்போல் வளர்கிறது. பிளவு தாமதமாக நடப்பதால் வெளிவரும் சிவப்பணு பெரிதாக இருக்கிறது. மொத்தத்தில் உருவாகும் அணுக்களின் எண்ணிக்கையோ குறைகிறது. பெரிதான ஒவ்வோர் அணுவும் வழக்கத்தைவிடச் சற்று அதிக ஹீமோகுளோபினைச் சுமக்கிறது. இதனால்தான் அணுக்களின் எண்ணிக்கை கணிசமாக இறங்கிய பிறகும் ஹீமோகுளோபின் எண் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். உதகையில் பல ஆண்டுகளாக வாழும் நாற்பது வயதுப் பெண் ஒருவர், பிறப்பிலிருந்தே சைவம், நான்கைந்து ஆண்டுகளாகப் பாலையும் விட்டு, பால் சேர்க்காத தேநீர் மட்டுமே அருந்துகிறார் என்று கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையில் அவருக்கு ஹீமோகுளோபின் 14.4 கிராம், சிவப்பணுக்கள் 50 இலட்சம், எம்.சி.வி. எனப்படும் அணுவின் சராசரிப் பருமன் 86, ஆர்.டி.டபிள்யூ. எனப்படும் அணுக்களின் பருமன் வேறுபாடு 13. இந்த ஆண்டு அறிக்கையில் ஹீமோகுளோபின் 13.8, சிவப்பணுக்கள் 43.7 இலட்சம், எம்.சி.வி. 95, ஆர்.டி.டபிள்யூ. 15.4. ஹீமோகுளோபின் குறைந்தது இருபத்து நான்கில் ஒரு பங்குதான். சிவப்பணுக்களோ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. எம்.சி.வி.யின் மேல் எல்லை பெரும்பாலான ஆய்வகங்களில் 100 என்பதால் 95 என்னும் எண்ணுக்கு அருகில் எந்தக் குறியும் இருக்காது. ஆர்.டி.டபிள்யூ. ஒன்று மட்டுமே எல்லையைச் சற்றுத் தாண்டியதாக அச்சாகியிருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பழைய அறிக்கை இல்லாமல் இந்த 95ஐ மட்டும் பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. அவருடைய சொந்த 86 எங்கே போயிற்று என்று கேட்கும்போதுதான் பொருள் விளங்குகிறது. ஆகவே சுத்த சைவ உணவினர் தம் பழைய இரத்த அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது, எந்த விலையுயர்ந்த சோதனையைவிடவும் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

எம்.சி.வி.க்கு முன்பே ஆர்.டி.டபிள்யூ. ஏறுவதற்கும் காரணம் உண்டு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஆகவே குறைபாடு தொடங்கிய முதல் மாதங்களில் பழைய, இயல்பான அணுக்களும் புதிய, பெரிய அணுக்களும் கலந்தே ஓடுகின்றன. சராசரி மெல்லத்தான் நகரும். பருமன் வேறுபாடு சீக்கிரம் கூடிவிடும். வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்னும் வகையின் வாழ்நாள் மிகக் குறுகியது என்பதால், மஜ்ஜையில் நேர்ந்த தடுமாற்றம் அவற்றில் இன்னும் முந்தித் தெரிகிறது. இயல்பான நியூட்ரோபிலின் கரு மூன்று அல்லது நான்கு மடல்களாக இருக்கும். நூறு நியூட்ரோபில்களை எண்ணும்போது ஐந்து மடல் உடையவை ஐந்துக்கு மேல் இருந்தாலோ, ஆறு மடல் உடையது ஒன்றேனும் கண்ணில் பட்டாலோ, மஜ்ஜையில் பி12 அல்லது ஃபோலேட் போதவில்லை என்று ஐயப்பட வேண்டும்.

இந்த வரிசைமுறையை மனித உடலிலேயே காட்டியவர் அமெரிக்க இரத்தவியலர் விக்டர் ஹெர்பர்ட். 1960களின் தொடக்கத்தில் அவர் மும்முறை வேகவைத்து ஃபோலேட் நீக்கிய உணவையே தாம் உண்டு, தம் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார். ஏழாவது வாரத்தில் நியூட்ரோபில்களின் மடல்கள் கூடின. இரத்தசோகை வந்ததோ நான்கு மாதங்களுக்குப் பிறகு. அது ஃபோலேட் குறைபாடு; கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு உள்ள பி12 விஷயத்தில் இதே வரிசை மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீள்கிறது. அந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

இனி முதல் வழியான காத்திருத்தலை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்பது சமவெளியிலேயே பலவீனமான வாதம். மலையில் அது இன்னும் பலவீனமானது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உயரத்தில் காற்றில் உயிர்வளி குறைவு என்பதால் அங்கேயே வாழ்பவரின் உடல் அதிக ஹீமோகுளோபினை உருவாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்தசோகை உண்டா என்று முடிவு செய்யும் முன், 1,500 முதல் 2,000 மீட்டருக்கு உட்பட்ட உயரத்தில் வாழ்பவரின் அளவிலிருந்து 1.1 கிராமும், 2,000 முதல் 2,500 மீட்டருக்கு உட்பட்ட உயரத்தில் வாழ்பவரின் அளவிலிருந்து 1.4 கிராமும் கழிக்க வேண்டும். நாம் பார்த்த பெண்ணின் 13.8 இந்தக் கணக்கில் 12.4 ஆகிறது. கருவுறாத பெண்களுக்கான எல்லை 12. சரியாக இருக்கிறது என்று தோன்றிய எண், உண்மையில் விளிம்பிலிருந்து அரைக் கிராம் தொலைவில்கூட இல்லை. இன்னும் ஆறு மாதத்தில் அது 13.2 ஆனால் அவருக்கு இரத்தசோகை வந்துவிட்டது என்று பொருள். ஆனால் சமவெளி மக்களுக்கான எல்லையை அச்சிடும் அறிக்கையில் அப்போதும் ஒரு குறியும் இருக்காது.

காத்திருப்பதில் இதைவிடப் பெரிய இடர் நரம்புகளுக்கு. பி12 நரம்பின் உறையைப் பேணுவதற்கும் வேண்டும். அந்தச் சேதம் இரத்தசோகைக்காகக் காத்திருப்பதில்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் லிண்டன்பாமும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பி12 குறைவால் நரம்பு அல்லது மனநலக் கோளாறு அடைந்த 141 பேரில் 40 பேருக்கு இரத்தசோகையோ அணுப் பெருக்கமோ, இரண்டில் ஒன்றேனும், இல்லாதிருந்தது. சைவ உணவினரிடம் இது நடப்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. கீரை, பீன்ஸ், பருப்பு, முட்டைக்கோஸ் என்று நிறைய உண்பவருக்கு ஃபோலேட் தாராளமாகக் கிடைக்கிறது; அது இரத்த உற்பத்தியை ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது; நரம்புக்கோ ஃபோலேட்டால் ஒரு பயனும் இல்லை. பாதத்தில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் ஆகியவை முதல் அடையாளங்கள். மலையில் இவற்றைச் சொல்பவர்கள், “அது குளிருக்குத்தான் டாக்டர், இங்கே எல்லாருக்கும் கால் மரத்துத்தான் போகும்” என்று தாங்களே காரணத்தையும் சொல்லிவிடுகிறார்கள். குளிரால் மரத்த கால் கம்பளிக் காலுறை அணிந்து சற்று நேரம் உட்கார்ந்தால் சரியாகும். இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோலத் தொடங்கி, வெயில் காலத்திலும் போகாமல் இருக்கும் மரப்புக்குக் குளிரைக் காரணமாகச் சொல்லக் கூடாது.

காத்திருந்து மறுபடி எண்ணிக்கை பார்த்தாலும் எம்.சி.வி. ஏறியே தீரும் என்று நம்ப முடியாது. மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கும், சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்து உணவிலுள்ள இரும்பை உறிஞ்ச விடாமல் செய்பவர்களுக்கும் இரும்புச்சத்தும் கூடவே குறைகிறது. இரும்புக் குறைவு அணுவைச் சிறிதாக்கும்; பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேரும்போது சராசரி 86இலேயே நின்று, ஒன்றும் நடக்கவில்லை என்ற தோற்றத்தைத் தருகிறது. பிறவியிலேயே அணுவைச் சிறிதாக்கும் தலசீமியா மரபுக்கூறு உள்ளவரிடமும் இப்படியே நேரும். இயல்பான எம்.சி.வி.யும் உயர்ந்த ஆர்.டி.டபிள்யூ.வும் ஒன்றாக இருந்தால், சிறியதும் பெரியதுமாக இருவகை அணுக்கள் கலந்திருக்கின்றனவா என்று ஸ்மியரில், அதாவது கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, பார்ப்பதே சரி. நியூட்ரோபிலின் மடல்களை இரும்புக் குறைவு மறைப்பதில்லை.

இரண்டாவது வழி உணவு. இதில் பலருக்கும் நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படையும் உண்டு. நீலகிரியின் தொதவர்கள் மரபாகச் சைவ உணவினர். எருமைப் பாலும் மோரும் அவர்கள் உணவின் மையமாக இருந்துவந்தன. சைவம் என்பதாலேயே பி12 குறைந்துவிடும் என்பதில்லை. பாலும் போய்விட்ட சைவத்தில்தான் அது நிச்சயமாகக் குறையும். ஏனெனில் பி12ஐச் செடிகள் உருவாக்குவதில்லை, நுண்ணுயிரிகளே உருவாக்குகின்றன. அது கால்நடையின் வயிற்றிலிருந்து பாலுக்கு வருகிறது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. காய்ச்சும்போது அதிலும் ஒரு பகுதி அழிகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2 முதல் 2.5 மைக்ரோகிராம். மூன்று வேளைத் தேநீரில் மொத்தம் 150 மில்லி பால் சேர்ப்பவருக்கு, காய்ச்சும்போது ஒன்றும் அழியவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.6 மைக்ரோகிராம்தான் கிடைக்கிறது. தேவையில் கால் பங்கு. “நான் பால் சாப்பிடுகிறேனே” என்று சொல்பவர்களில் பலர் சொல்வது இந்த அளவைத்தான்.

நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் பாலும் தயிரும் எடுத்துக்கொள்பவர் தம் இருப்பைக் காத்துக்கொள்ள முடியும். ஆனால் இருப்பு தீர்ந்து ஸ்மியரில் மாற்றம் தெரியத் தொடங்கியவருக்கு, கிடைப்பது அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். காலியான கல்லீரலை நிரப்ப மீதி இருக்காது. மேலும் உணவின் பி12ஐ உறிஞ்சும் குடலின் வழி ஒரு வேளைக்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராமோடு நிரம்பிவிடுவதால், ஒரே வேளையில் நிறையக் குடித்தாலும் பயனில்லை. ஊட்டியில் விளையும் பட்டன் காளான், புளித்த இட்லி மாவு, ஸ்பைருலினா ஆகியவற்றைப் பி12க்கு ஆதாரமாகச் சொல்வதைக் கேட்கிறோம். காளானிலும் புளித்த மாவிலும் இருப்பது நம்பத்தகாத சிற்றளவு. ஸ்பைருலினாவில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். கொள்கையின் பொருட்டுப் பாலை விட்டவரை மீண்டும் பால் குடிக்கச் சொல்வதையும் நான் விரும்புவதில்லை. அதற்கு அவசியமே இல்லை. மருந்தாக விற்கப்படும் பி12 நுண்ணுயிர் நொதித்தல் மூலம் தயாராவது, விலங்கிலிருந்து எடுக்கப்படுவதன்று. கேப்ஸ்யூலின் உறை மட்டும் ஜெலட்டினாக, அதாவது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்ததாக, இருக்கலாம் என்பதால் மாத்திரையாகக் கேட்டு வாங்குவது அவர்கள் மனதுக்கும் ஒத்துவரும்.

மூன்றாவது வழியான, சோதிக்காமலே சத்து மாத்திரை விழுங்குவது, எளிதாகத் தோன்றுவதால் பெரும்பாலோர் தேர்வதும் அதுவே. இதில் மூன்று தவறுகள் நடக்கின்றன. களைப்பு என்று கேட்டவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. ஃபோலேட்டின் மருந்து வடிவமான ஃபோலிக் அமிலம் பெரிய அணுக்களைச் சரிசெய்து, மடல்களைக் குறைத்து, இரத்த அறிக்கையை அழகாக்கிவிடும். நரம்புச் சேதம் மட்டும் பார்வைக்குத் தெரியாமல் தொடரும். ஸ்மியர் என்னும் எச்சரிக்கையையே அணைத்துவிடும் மருந்து அது. இரண்டாவதாக, சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் பி12 சில மைக்ரோகிராம் அளவே இருக்கிறது. இருப்பு தீர்ந்தவருக்கு அது போதாது. இதற்கு மாறாக, பி12இன் ஒரு வடிவமான மெகோபலமின் என்று கேட்டால் சில நேரம் பிரிகாபலின் கலந்த மாத்திரை கிடைக்கிறது. அது நரம்பு வலிக்கான மருந்து, தூக்கமும் தலைசுற்றலும் தருவது, மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாதது. மூன்றாவது தவறு, சோதனைக்கு முன்பே மாத்திரை தொடங்குவது; சில நாட்களிலேயே இரத்தத்தில் பி12 அளவு ஏறிவிடும். அதற்குப் பிறகு சோதித்தால் எண் நன்றாகவே இருக்கும். குறை இருந்ததா இல்லையா என்பதை அந்த எண்ணால் அறிய முடியாது. வாழ்நாள் முழுதும் மாத்திரை எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டிய ஒருவருக்கு இது சிறிய இழப்பன்று.

ஆகவே நான் பரிந்துரைப்பது நான்காவது வழியை: முதலில் இரத்தம், பிறகு மாத்திரை, இரண்டுக்கும் இடையில் ஒரு நாள்கூட வீணாக வேண்டியதில்லை. ஒரே நாளில் இரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கே மாத்திரை தொடங்கிவிடலாம். கேட்க வேண்டியவை இரண்டே: சீரம் பி12 அளவும், ஸ்மியர் பார்த்து நியூட்ரோபில் மடல்களை எண்ணித் தருமாறு ஒரு வேண்டுகோளும். எண்ணச் சொல்லிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் எண்ணமாட்டார்கள். இயந்திரம் தரும் எண்களோடு அறிக்கை முடிந்துவிடும்.

மலையில் இதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சிறிய ஊர்களில் எடுக்கப்படும் இரத்தம் பல நேரம் மலைப்பாதை வழியே கோயம்புத்தூருக்குப் போய், மறுநாள்தான் இயந்திரத்தில் ஏறுகிறது. உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் நெடுநேரம் கிடக்கும் சிவப்பணுக்கள் நீரை உள்வாங்கி வீங்கும், எம்.சி.வி. பொய்யாக ஏறும். நியூட்ரோபில் கருக்களும் சிதைந்து மடல் கூடியது போலத் தோன்றும். நாம் தேடும் இரண்டு அடையாளங்களையுமே தாமதம் செயற்கையாக உண்டாக்கிவிடும் என்பதால், உள்ளூரிலேயே சில மணி நேரத்திற்குள் எண்ணும் ஆய்வகத்தில் கொடுப்பதும், ஸ்மியரை இரத்தம் எடுத்த உடனேயே கண்ணாடித் தகட்டில் பூசச் சொல்வதும் முக்கியம். சென்ற முறை உதகையிலும் இம்முறை கோவையிலும் எண்ணப்பட்ட இரண்டு எம்.சி.வி.களை ஒப்பிடும்போது மூன்று நான்கு அலகு வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது அலகு வேறுபாட்டை அப்படித் தள்ளிவிட முடியாது.

சீரம் பி12ஐப் பொறுத்தவரை, ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு என்றும், 300க்கு மேல் என்றால் குறைவு இருக்க வாய்ப்பு சிறிது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். இடைப்பட்டவருக்குத்தான் ஐயம். அவருக்கு ஹோமோசிஸ்டீன் சோதனை உதவும். பி12 போதாதபோது அது தேங்கி 15 மைக்ரோமோலுக்கு மேல் போகும். ஆனால் அந்தக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்திற்குள் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், சிவப்பணுக்களே அதை வெளிவிட்டு எண்ணை உயர்த்திவிடும். மலையிலிருந்து வண்டியில் இறங்கிய குழாயின் ஹோமோசிஸ்டீனை நான் நம்புவதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தில், உணவும் ஸ்மியரும் பொருந்தி வருபவர் ஆண்டு முழுவதற்கும் மாத்திரை வாங்கிவிடலாம். ஐயமான எண்ணோடு ஐந்து மடல் அணுக்களும் இருந்து, உணவில் பாலும் இல்லையென்றால், மேற்கொண்டு சோதனை தேடாமல் சிகிச்சை தொடங்குவதே முறை. மடல்கள் இயல்பாக இருப்பதை மட்டும் நம்பிக் குறைவு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. தொடக்க நிலையில் எல்லோருக்கும் அவை கூடுவதில்லை.

நாம் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு நூறில் எட்டு நியூட்ரோபில்கள் ஐந்து மடலோடும், ஒன்று ஆறு மடலோடும் இருந்து, பி12 அளவு 160 என்று வந்ததாகக் கொள்வோம். இனி மாத்திரையா ஊசியா என்பதே கேள்வி. ஊசிதான் வலிமையானது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உணவில் இல்லாததால் குறைந்தவருக்கும், குடல் உறிஞ்சாததால் குறைந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த எண்ணம் மறைத்துவிடுகிறது. சுத்த சைவரின் வயிறும் குடலும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. உள்ளே வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையை விழுங்கினால், வழக்கமான வழி நிரம்பிய பிறகும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குடற்சுவரின் ஊடே தானாகக் கசிந்து இரத்தத்தில் சேரும். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம். தேவையைப்போல் நான்கு மடங்கு. காலியான இருப்பை நிரப்ப இது போதும். பி12இன் வடிவங்களில் சயனோகோபலமினா, மெகோபலமின் எனப்படும் மெத்தில்கோபலமினா என்று தயங்க வேண்டியதில்லை. மலிவாகவும் தடையின்றியும் கிடைப்பதை நாள்தோறும் எடுப்பதே பெரிது.

ஊசி வேண்டும் என்று நான் சொல்வது சிலருக்கு மட்டும். பாதத்தின் கட்டைவிரலில் ட்யூனிங் ஃபோர்க்கை வைத்தால் அதிர்வு தெரியாதவர், கண்ணை மூடி நின்றால் சாய்பவர், மறதியோ குழப்பமோ தொடங்கியவர் ஆகியோருக்கு நாட்களை வீணாக்க முடியாது. அவர்களுக்கு 1,000 மைக்ரோகிராம் ஊசி முதல் ஓரிரு வாரங்களுக்கு ஒன்றுவிட்ட நாளிலும், பிறகு வாரம் ஒன்றாகவும், பிறகு மாதம் ஒன்றாகவும் என்பது போன்ற வரிசையில் மருத்துவர் மேற்பார்வையில் செல்ல வேண்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலக் குறைப்பு மாத்திரையோ நீண்ட காலம் எடுப்பவர்கள், இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மாத்திரையில் தொடங்கினாலும் முன்னேற்றத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மலையின் உட்கிராமத்திலிருந்து ஊசிக்காக ஒவ்வொரு முறையும் பேருந்தேறி வருவது மழைக்காலத்தில் நின்றுபோகும். பாதியில் நின்ற ஊசியைவிட நாள்தோறும் தவறாத மாத்திரை மேல் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கருவுற்றிருப்பவரும் பாலூட்டும் தாயும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்பவர்கள். தாயிடம் பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இல்லை. அத்தகைய குழந்தை முதல் சில மாதம் நன்றாக இருந்து, பிறகு மந்தமாகி, சிரிப்பதையும் தலை நிற்பதையும் இழந்து, கைவிரல் மூட்டுகள் கறுத்து, மருத்துவமனைக்கு வருகிறது. அந்தத் தாயின் அறிக்கையில் எம்.சி.வி. ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், சோதனைக்கு இரத்தம் எடுத்த அன்றே மருத்துவரிடம் பி12 கேட்டுத் தொடங்க வேண்டும்.

மாத்திரை தொடங்கிய பிறகு எதைப் பார்ப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். பி12 அளவை மறுபடி சோதிப்பது வீண். விழுங்கியதுதான் அதில் தெரியும். மடல் கூடிய நியூட்ரோபில்கள் இரண்டு வாரம் வரை நீடித்துப் பிறகு மறையும். ஆர்.டி.டபிள்யூ. முதல் சில வாரங்களில் இன்னும் ஏறக்கூடும். இப்போது புதிதாக வரும் இயல்பான அணுக்கள் பழைய பெரிய அணுக்களோடு கலப்பதே அதற்குக் காரணம், அதைக் கண்டு மருந்தை நிறுத்தக் கூடாது. சிவப்பணுக்கள் முழுதும் மாற நான்கு மாதம் ஆகும் என்பதால், அடுத்த எண்ணிக்கையை அப்போது, அதே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது. நம் எடுத்துக்காட்டில் எம்.சி.வி. 87ஐ ஒட்டியும், சிவப்பணுக்கள் 50 இலட்சத்தை நோக்கியும் திரும்பியிருக்க வேண்டும். எம்.சி.வி. 80க்கும் கீழே போனால், பி12 மறைத்து வைத்திருந்த இரும்புக் குறைவு இப்போது வெளிப்பட்டிருக்கிறது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்க்க வேண்டும். 95இலேயே நின்றால் காரணம் வேறு. தைராய்டு குறைவு, கல்லீரல் நோய், மது, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் ஆகியவையும் அணுவைப் பெரிதாக்கும். மாத்திரை தவறாமல் எடுத்தும் மடல்கள் மாறாவிட்டால் ஃபோலேட்டையும், வயிறு பி12ஐ உறிஞ்சுகிறதா என்பதையும் ஆராய வேண்டும். அந்தக் கட்டத்தில் ஊசிக்கு மாறுவது நியாயம். எல்லாம் திரும்பிவிட்டவர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உணவு மாறாதவரை குறைவும் திரும்பி வரும் என்பதால், மருத்துவரோடு பேசி நாள்தோறும் சிற்றளவாகவோ வாரம் இருமுறை 1,000 மைக்ரோகிராமாகவோ தொடர வேண்டும், ஆண்டுதோறும் ஹீமோகுளோபினோடு எம்.சி.வி., ஆர்.டி.டபிள்யூ., சிவப்பணு எண்ணிக்கை ஆகிய மூன்று வரிகளையும் பழைய தாளோடு வைத்துப் படிக்க வேண்டும்.